காது மறைத்த முடியிலிருந்து மிட் ஃபேட்: 33 வெள்ளி, முழுக் கணக்கோடு

சுங்கை சிப்புட் கடைக்கான ரீல். நீளம் 50 வினாடி. போனை நிமிர்த்திப் பிடித்து எடுப்பது.

படம் பிடிக்கும் தம்பிக்கு, தொடங்கும் முன்:

வாடிக்கையாளரிடம் முதலில் கேட்டுவிடு. முகம் வரலாமா, குரல் வரலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள். அவர் சரி என்றால்தான் போனை எடுக்க வேண்டும்.

வெட்டும் முன், வெட்டிய பின் என இரண்டு படமும் ஒரே நாற்காலி, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். தரையில் டேப் ஒட்டி உன் கால் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள். முன் படத்தை இருட்டாகவும் பின் படத்தைப் பளிச்சென்றும் எடுத்தால் முடி வெட்டியது தெரியாது, விளக்கு போட்டதுதான் தெரியும். ஃபில்டர் எதுவும் வேண்டாம். குழல் விளக்கில் கோடு கோடாக ஓடினால் ஷட்டரை 1/50 இல் வை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போகும். மெஷின் ஓடும்போது காற்றாடியை நிறுத்திவிடு, அந்தச் சத்தம் நமக்கு வேண்டும். சினிமா பாட்டு போட வேண்டாம். வியாபாரக் கணக்கில் பல பாட்டுகள் கிடைக்காது, நமக்கு அது தேவையும் இல்லை.

0–4 வினாடி

முடி வெட்ட வந்த தம்பியின் முகம், நேராக. காதை மூடிய முடி, ஒழுங்கில்லாத தாடி. சோகமாக உட்காரச் சொல்லாதே, எப்படி வந்தாரோ அப்படியே இருக்கட்டும்.

திரையில் பெரிதாக: 33 வெள்ளி

கடைக்காரர் குரல்: "இந்த முடி, இந்தத் தாடி. 33 வெள்ளிக்கு என்ன செய்யறோம், பாருங்க."

4–12 வினாடி

கண்ணாடி வழியாக இருவரும். போன் கண்ணாடியில் தெரியாதபடி கொஞ்சம் பக்கவாட்டில் நில். பின்னால் சுவரில் விலைப்பலகை தெளிவாகத் தெரிய வேண்டும்.

கடைக்காரர்: "எப்படி வேணும் தம்பி?"

தம்பி: "சனிக்கிழமை அக்கா கல்யாணம்ணே. சைடு குறைச்சிடுங்க, மேல இருக்கட்டும்."

கடைக்காரர்: "அப்ப மிட் ஃபேட். இருபது வெள்ளி."

தம்பி: "தாடிக்கு?"

கடைக்காரர்: "எட்டு. தலை அலசினா அஞ்சு."

தம்பி: "சரிண்ணே, மூணும் செஞ்சிடுங்க."

இந்தப் பேச்சை வெட்டிவிடாதே. எட்டு வினாடி நீளம்தான், ஆனால் கத்தி எடுக்கும் முன்பே விலை பேசியாயிற்று என்பது இங்கேதான் தெரிகிறது. காமுனிங்கிலிருந்தோ எல்பிலிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் வருகிறவர், உட்கார்ந்து எழுந்த பிறகு எவ்வளவு கேட்பார்களோ என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

12–31 வினாடி

துணியை உதறிப் போடும்போது துணி திரையை முழுதும் மறைக்கட்டும். அந்த நொடியில் வெட்டு. இனி ஒவ்வொரு துண்டும் ஒன்றிலிருந்து இரண்டு வினாடி. பேச்சு கிடையாது, மெஷின் சத்தமும் கத்தரிக்கோல் சத்தமும் மட்டும்.

திரையின் மேல் மூலையில்: மிட் ஃபேட் 20

கழுத்தில் காகிதப் பட்டை சுற்றுவது. புதுப் பட்டை என்று தெரிய, சுருளிலிருந்து கிழிப்பதிலேயே தொடங்கு.

மெஷினில் 2 ஆம் நம்பர் கார்டு சீப்பை மாட்டும் 'டக்' சத்தம். எழுத்து: 6 மில்லிமீட்டர்.

காதுக்கு மேலே முதல் ஓட்டம். முடி ஒரு கொத்தாகத் துணியில் விழ வேண்டும். பார்ப்பவர் விரல் நிற்கப்போகும் இடம் இது. கேமராவைக் காதுக்கு அருகே கொண்டுபோ, இதற்கு மட்டும் மூன்று வினாடி கொடு.

1 ஆம் நம்பர். எழுத்து: 3 மில்லிமீட்டர்.

அரை நம்பர், கீழே. எழுத்து: 1.5 மில்லிமீட்டர்.

பிடரியிலும் கிருதாவுக்குக் கீழேயும் கார்டு இல்லாத மெஷின்.

அடுத்து, மெஷினின் லீவரைக் கட்டைவிரல் திறந்து மூடுவது, மிக அருகில். 3 மில்லிமீட்டரும் 1.5 மில்லிமீட்டரும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டை அழிக்கிற வேலைதான் ஃபேட். மொட்டை அடிக்கிற மாதிரி பக்கவாட்டில் ஓட்டிவிட்டால் அது ஃபேட் ஆகாது. 20 வெள்ளியும் சாதாரண வெட்டுக்கு 15 வெள்ளியும் வேறுபடுவது இந்த இடத்தில்தான், அதனால் கோடு இருக்கும் படம் ஒன்று, அதே இடத்தில் கோடு போன படம் ஒன்று, அடுத்தடுத்து வை.

சீப்பின் மேல் கத்தரிக்கோல், தலை வளையும் இடத்தில். உச்சியில் நுனி நுனியாக வெட்டுவது. சுழி இருக்கும் இடத்தில் கடைக்காரர் கை கொஞ்சம் நின்று, முடியை நீளமாக விட்டுவிட்டு நகர்வதைக் கட்டாயம் எடு. அங்கே குட்டையாக வெட்டினால் கல்யாணத்தன்று முள் மாதிரி எழுந்து நிற்கும்.

31–38 வினாடி

மூலையில் எண் மாறும்: 20 + 8 = 28

புது பிளேடைக் காகித உறையிலிருந்து பிரிப்பது. உறையோடு காட்ட வேண்டும், இதை விடவே கூடாது. தாடியின் ஓரம், கன்னத்தில் ஒரு கோடு, தொண்டைக்கு மேலே ஒரு கோடு. முடிந்ததும் பிளேடு குப்பைப் பெட்டிக்குள் விழும் சத்தம்.

கடைக்காரர் குரல்: "ஒருத்தருக்கு ஒரு பிளேடு. அதுக்குத் தனிக்காசு இல்லை."

மூலையில்: 28 + 5 = 33

தலை அலசல், ஒரே துண்டு. நுரை, தண்ணீர், துண்டு. அப்புறம் நேராக அடுத்ததற்குப் போ.

38–43 வினாடி

துணி மறுபடியும் திரையை மறைத்து விலகும். அதே டேப், அதே தூரம். தம்பி இடது பக்கம் திரும்புகிறார், வலது பக்கம் திரும்புகிறார், பிறகு நேராக. கடைக்காரர் பின்னால் கைக்கண்ணாடி பிடிக்க, தம்பி பிடரியைப் பார்க்கிறார்.

தம்பி: "அக்காவே கேப்பாங்க, யாரு இதுன்னு."

இதை அவரே சொன்னால் வை. வேறு ஏதாவது சொன்னால் அதையே வை. பேசாமல் தலையைத் தடவிப் பார்த்தாலும் போதும், மனப்பாடம் செய்த வரி முகத்தில் தெரிந்துவிடும்.

43–50 வினாடி

கல்லா. தம்பி போனை எடுத்துக் கியூஆர் அட்டையைப் பிடிக்கிறார். போன் திரையில் தொகை மட்டும் தெரியட்டும், அவர் பெயரும் கணக்கு எண்ணும் மறைந்திருக்க வேண்டும்.

கடைக்காரர்: "முப்பத்து மூணு, தம்பி. சொன்னதேதான்."

பிறகு விலைப்பலகை, கடைசி நான்கு வினாடி அசையாமல். திரையின் அடியில் எதுவும் எழுதாதே, அங்கே பொத்தான்கள் வந்து மறைத்துவிடும்.

சாதாரண வெட்டு 15
மிட் ஃபேட், ஸ்கின் ஃபேட் 20
பள்ளிப் பிள்ளைகள் 10
60 வயதுக்கு மேல் 10
தாடி ஒழுங்கு 8
சவரம் 10
தலை அலசல் 5

"இவ்வளவிலிருந்து" என்று எங்கேயும் போடக் கூடாது. தீபாவளி வாரத்திலும் இதே பலகைதான்.

கடைக்காரர் குரல்: "பலகையில இருக்கிறதுதான் விலை. வாங்க."

ரீலுக்குக் கீழே போட வேண்டியது:

சுங்கை சிப்புட் பழைய கடைத்தெரு. காலை 9 முதல் இரவு 8.30 வரை. செவ்வாய் விடுமுறை. மிட் ஃபேட் 20, தாடி 8, அலசல் 5, மொத்தம் 33 வெள்ளி. ரொக்கமும் கியூஆரும் எடுப்போம். ஃபேட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதனால் சனிக்கிழமை வருகிறவர்கள் முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். ஈப்போவரை போக வேண்டாம்.

#சுங்கைசிப்புட் #மிட்ஃபேட் #முடிவெட்டு

முதல் கருத்தாக நாமே போட்டு மேலே நிறுத்த வேண்டியது:

"விலை கேட்டு மெசேஜ் போட வேண்டிய அவசியம் இல்லை, கடைசி நான்கு வினாடியில் முழுப் பலகையும் இருக்கிறது. நடக்க முடியாத தாத்தாக்கள் தோட்டத்தில் இருந்தால் மட்டும் தனியாக எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து வெட்டுகிறோம், அதுவும் 10 வெள்ளிதான்."