சிரபுஞ்சியின் ஓராண்டு மழை: அசைவூட்டத் தரவுக் காணொளியின் உரை

(திரை: வெற்றுப் பின்னணி. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட சதுரத் தட்டு. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் பரவுகிறது.)

குரல்: மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். பெய்த நீர் ஓடாமலும் ஆவியாகாமலும் மண்ணுக்குள் இறங்காமலும் பெய்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுவே அந்த அளவு. இந்தச் சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் நின்றால், அது சரியாக ஒரு லிட்டர் நீர்.

(திரை: சதுரம் சுருங்கி மறைகிறது. கிடை அச்சில் பன்னிரண்டு மாதப் பெயர்களும், நிலை அச்சில் சுழியத்திலிருந்து 3,500 வரை எண்களும் தோன்றுகின்றன. பட்டைகள் இன்னும் இல்லை.)

குரல்: மேகாலயத்தின் காசி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் சிரபுஞ்சி, சோரா என்றும் அழைக்கப்படுகிறது. இங்கு நீங்கள் காணப்போவது 1971 முதல் 2000 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரி. பன்னிரண்டு பட்டைகளும் எழும் வரை அச்சின் அளவை மாற்றப்போவதில்லை. அப்படி மாற்றினால் சிறிய மாதமும் பெரிய மாதமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்துவிடும்.

(திரை: ஜனவரிப் பட்டை எழுகிறது; கோடு போல மெலிந்திருக்கிறது. பின் பிப்ரவரி, மார்ச்.)

குரல்: ஜனவரியில் 11 மில்லிமீட்டர். பட்டை கண்ணில் படவில்லை என்றால், அது படத்தின் குறை அல்ல. பிப்ரவரியில் 46, மார்ச்சில் 240.

(திரை: ஏப்ரல், மே பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ஒவ்வொன்றும் நின்ற பிறகே அதன் எண் தோன்றுகிறது.)

குரல்: ஏப்ரலில் 938, மே மாதத்தில் 1,214. தென்மேற்குப் பருவமழை வருவதற்கு முன்பே இவ்வளவு.

(திரை: பட்டைகள் மங்குகின்றன. வங்காள விரிகுடாவிலிருந்து வடக்கு நோக்கி அம்புகள் சமவெளியைக் கடந்து மலைச்சரிவில் மோதி மேலெழுகின்றன.)

குரல்: கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று, வங்கதேசத்தின் தாழ்ந்த சமவெளியைத் தடையின்றிக் கடந்து, திடீரென உயரும் இந்த மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் தாங்க முடியாது.

(திரை: அம்புகள் மறைய, பட்டைகள் திரும்புகின்றன. ஜூன், சிறு இடைவெளி, ஜூலை. ஜூலைப் பட்டைக்கு அருகில் ஒரு மனித உருவம்.)

குரல்: ஜூனில் 2,294. ஜூலையில் 3,272 மில்லிமீட்டர், அதாவது மூன்றேகால் மீட்டருக்கும் சற்று அதிகம். நிற்கும் ஒருவரின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

(திரை: மீதி ஐந்து பட்டைகளும் விரைவாக எழுகின்றன.)

குரல்: ஆகஸ்டில் 1,760, செப்டம்பரில் 1,352, அக்டோபரில் 549, நவம்பரில் 72, டிசம்பரில் 29.

(திரை: 981 என்ற அளவில் இடமிருந்து வலமாக ஒரு புள்ளிக்கோடு வரையப்படுகிறது. அதைத் தாண்டும் பட்டைகள் மட்டும் அடர்நீலமாகின்றன.)

குரல்: ஆண்டு மொத்தம் 11,777 மில்லிமீட்டர். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 981. மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்கள் மட்டுமே இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. ஏப்ரல் சற்றே தவறிவிட்டது. எனவே "மாதச் சராசரி 981" என்பது கணக்கில் சரி. ஆனால் ஏப்ரலைத் தவிர வேறெந்த மாதமும் அதற்கு அருகில்கூட இல்லை.

(திரை: பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஏறுமுகமான கோடாக மாறுகின்றன. நிலை அச்சு 12,000 வரை நீள்வது பார்வையாளருக்குத் தெரியும்படி மெதுவாக நிகழ்கிறது.)

குரல்: இப்போது அச்சு மாறுகிறது, ஏனெனில் இனி நாம் பார்ப்பது சேர்ந்துகொண்டே வரும் மொத்தம். ஜூன் இறுதியில் கோடு 4,743-ல் நிற்கிறது. ஜூலை இறுதியில் 8,015. ஆண்டு மழையின் பாதி அளவு இந்த ஒரு மாதத்துக்குள் கடக்கப்படுகிறது. அக்டோபருக்குப் பின் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது.

(திரை: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிப் பட்டைகள் மட்டும் பெரிதாக்கப்படுகின்றன. ஓரத்தில் "அச்சு: 0–50" என்ற குறிப்பு.)

குரல்: இந்த மூன்று மாதங்களுக்கும் சேர்த்து 86 மில்லிமீட்டர்தான், ஆண்டு மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் பெய்தது செங்குத்தான சரிவுகளில் விரைந்து ஓடிவிடுவதால், உலகின் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்றான இங்கே குளிர்காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு வருகிறது. மொத்தம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் காட்டியிருந்தால் இது தெரியவே தெரியாது.

(திரை: 11,777 என்ற ஒற்றைப் பட்டை. அருகில் வேறு நிறத்தில் இன்னொன்று உயர்கிறது; அச்சு 30,000 வரை நீள்கிறது.)

குரல்: சராசரி என்பதால் எல்லா ஆண்டும் இப்படியே என்று கொள்ள வேண்டாம். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் இங்கு 26,000 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது. பன்னிரண்டு மாத மழைக்கு அதுவே உலகச் சாதனை. அது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஆண்டு அல்ல என்பதாலேயே அந்தப் பட்டைக்கு வேறு நிறம் தந்துள்ளோம்.