கோப்பு நடக்கும் வழி: மருமகனுக்கு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை,
10.8.2025

அன்புள்ள கதிரவனுக்கு,

உனக்குப் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை உன் அம்மா தொலைபேசியில் சொன்னபோது, வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் திருவள்ளூர் ரயிலுக்காக நீ தினமும் நிற்கப்போவதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அந்த ரயில் பயணத்தில் படிப்பதற்கு என்ன தரலாம் என்று யோசித்தேன். சட்டப் புத்தகங்களைக் கல்லூரியில் தருவார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தலைமைச் செயலகத்தில் உதவியாளராகத் தொடங்கிச் சார்புச் செயலாளராக ஓய்வுபெற்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு காகிதம் எப்படி ஆணையாகிறது என்பது. நீ நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தோ ஆதரித்தோ வாதாடப்போகும் பெரும்பாலான தாள்கள் இந்த வழியில்தான் வந்திருக்கும்.

ஒரு மனு தபால் பிரிவில் முத்திரை வாங்கி, உரிய பிரிவுக்கு வந்து, கையாளும் உதவியாளர் தன்னிடம் வரும் தாள்களைப் பதியும் தன்பதிவேட்டில் ஏறும்போது அதற்கு ஓர் எண் பிறக்கிறது. அந்த எண்தான் அதன் உயிர். எண் இல்லாத மனு, வந்ததாகவே கணக்கில் இல்லை. ஆகையால் மக்கள் கையில் மனுவின் நகலோடு, ஒப்புகை முத்திரையும் எண்ணும் இருக்கிறதா என்பதை முதலில் கேள். எண் பெற்ற மனு, முன்பே நடப்பில் உள்ள கோப்பில் சேரும், அல்லது புதிய கோப்பாகும். கோப்பு இரண்டு பகுதி உடையது. வந்த கடிதங்களும் போன கடிதங்களின் அலுவலக நகல்களும் நடப்புக் கோப்பில் பக்க எண்ணோடு இருக்கும். அவற்றைப் பற்றி அலுவலர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது குறிப்புக் கோப்பில் இருக்கும். பொருள் என்ன, விதி என்ன சொல்கிறது, முன்நிகழ்வு உண்டா, எதற்கு ஆணை வேண்டப்படுகிறது என்று உதவியாளர் எழுதி, "ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று முடித்துத் தேதியோடு சுருக்கொப்பமிடுவார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என மேலேறி, தேவைப்பட்டால் அமைச்சர்வரை போகும். அதே படிகளில் கீழிறங்கவும் செய்யும். இறங்கும்போதுதான் வரைவாணை தயாராகிறது, ஒப்புதல் பெறுகிறது, சுத்தப் பிரதியாகிறது, ஒப்புநோக்கப்படுகிறது, கையெழுத்தாகிறது, அனுப்புகைப் பிரிவுக்குப் போகிறது. இறங்கும் வழியை யாரும் கவனிப்பதில்லை. வழக்குகளில் பாதி அங்கேதான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

குறிப்புக் கோப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் "பேசவும்" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். மேலதிகாரிக்கு ஓர் ஐயம், கீழே உள்ளவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்பது அதன் பொருள். கீழே உள்ளவர் போய்ப் பேசிவிட்டு "பேசினேன்" என்று எழுதி, என்ன பேசினார் என்பதையும் எழுத வேண்டும். பலர் முதல் சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். வெறும் "பேசினேன்" என்று மட்டும் இருந்து, அடுத்த பத்தியில் முடிவு தலைகீழாக மாறியிருந்தால், அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, அது தாளில் இல்லை என்று நீ புரிந்துகொள்ளலாம். இன்னொன்று, தேதிகள். உதவியாளர் 3-ஆம் தேதி எழுதியதற்குப் பிரிவு அலுவலர் 4-ஆம் தேதி சுருக்கொப்பமிட்டு, சார்புச் செயலாளர் 41 நாள் கழித்து ஒப்பமிட்டிருந்தால், அந்த 41 நாள் கோப்பு ஒரு மேசையில் இருந்தது. கோப்பு தாமதமாகிறது என்று யாரும் எழுத மாட்டார்கள். தேதிகள்தான் அதைச் சொல்லும். இப்போது மின்னலுவலக முறை வந்தபின், யார், எந்த நிமிடம், எதைத் திறந்தார் என்பதுவரை பதிவாகிறது. தாள் கோப்புக் காலத்தில் ஒரு குறிப்புப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடிந்த கைவண்ணம் இனி எளிதல்ல. அதற்காக அந்தக் காலத்தை நான் இகழவுமில்லை. கோப்பைக் கையில் எடுத்துப் புரட்டினால் தெரிந்த பல, திரையில் தெரிவதில்லை.

இனி, உனக்கு நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒரு தவறு. பெயர்கள் வேண்டாம், எந்தத் துறை என்பதும் வேண்டாம். நான் பிரிவு அலுவலராக இருந்தபோது, காசிமேட்டிலிருந்து ஓர் அம்மாள் மாதம் இரண்டு முறையாவது வருவார். கணவர் அலுவலக உதவியாளராகப் பணியிலிருக்கும்போதே இறந்தவர். மகனுக்குக் கருணை அடிப்படையில் நியமனம் கேட்டார். ஆனால் விண்ணப்பிக்க இறப்பிலிருந்து மூன்றாண்டு என்ற காலவரம்பு கடந்திருந்தது, மகன் அப்போது சிறுவன். விதியைத் தளர்த்தக் கோரிக் கோப்பு அமைச்சர்வரை போய், "விதியைத் தளர்த்தி ஆணையிடலாம்" என்ற குறிப்போடு இறங்கி வந்தது. அந்தக் குறிப்பை நானே கண்டேன். அடுத்த வாரம் அந்த அம்மாள் வந்தபோது, "வேலை முடிந்துவிட்டது அம்மா, ஆணை வரும்" என்று சொல்லிவிட்டேன். ஐஸ் கம்பெனியில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பையன் அடுத்த நாளே வேலையை விட்டுவிட்டான். வரைவாணை தயாராகும்போது வேறொரு துறையின் கருத்து பெறப்படவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்ட, கோப்பு அங்கே போனது, எதிர்மறைக் கருத்தோடு திரும்பியது, மீண்டும் மேலேறியது; முன்பு தளர்த்தலாம் என்று எழுதிய அதே கை, அதற்குக் கீழே "ஏற்க இயலாது" என்று எழுதியது. அந்தப் பையனின் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நான் சொன்ன வாய்வார்த்தைதான் இருந்தது. சட்டப்படி அவனுக்கு அன்றுவரை எந்த உரிமையும் பிறக்கவில்லை. அதை அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியவனும் நானாகவே இருந்தேன்.

நான் ஏன் தவறினேன் என்பதை நீ பச்சித்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் படிப்பாய்; உச்ச நீதிமன்றத்தின் 1962 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பணிநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் மேல்முறையீட்டில், பட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாபின் பிற சமஸ்தானங்களும் சேர்ந்த அப்போதைய பெப்சு மாநிலத்தின் வருவாய் அமைச்சர் தண்டனையைக் குறைக்கலாம் என்று கோப்பில் எழுதினார். அது அந்த அலுவலருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1956 நவம்பரில் பெப்சு பஞ்சாபோடு இணைந்தபின், பணிநீக்கமே நிலைக்கட்டும் என்று முதலமைச்சர் முடிவெடுத்தார். அமைச்சரின் குறிப்பை ஆணை என்று வாதிட்டபோது, அது வெளிப்படுத்தப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்படும்வரை வெறும் தற்காலிகக் கருத்துதான், எழுதியவரே அதை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 166-ஆவது கூறு, அரசின் ஆணைகள் ஆளுநரின் பெயரில் வெளிப்படுத்தப்பட வேண்டும், உரிய முறையில் சான்றளிக்கப்பட வேண்டும் என்கிறது. நம் அரசாணைகளின் கடைசியில் "(ஆளுநரின் ஆணைப்படி)" என்று வருவது இதனால்தான். அந்த வடிவம் பிசகியதால் மட்டும் ஆணை செல்லாது போவதில்லை என்றும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடாதே.

அரசாணை கையில் கிடைத்தால் மக்கள் கடைசிப் பத்தியைப் படிப்பார்கள். நீ "பார்வை" பகுதியிலிருந்து தொடங்கு. எந்தெந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு ஆணையிட்டோம் என்று அரசே ஒப்புக்கொள்ளும் பட்டியல் அது. உன் கட்சிக்காரர் கொடுத்த விளக்கம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஆணையிட்டவர் அதைப் பார்த்திருக்கமாட்டார் என்பதற்கு அதுவே உன் முதல் பிடி. பிறகு எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குள் "நிலை" என்றிருக்கிறதா, "வாலாயம்" என்றிருக்கிறதா பார். நிலையானது கொள்கை அளவில் நீடிக்கும் ஆணைகளுக்கு, வாலாயம் அன்றாட அலுவலுக்கு. பெறுநர், நகல் பட்டியலையும் விட்டுவிடாதே, யாருக்கு நகல் போனதோ அங்கேயெல்லாம் இன்னொரு கோப்பு இருக்கிறது. ஆணையின் தேதியும் அது உன் கட்சிக்காரருக்குக் கிடைத்த தேதியும் வேறு வேறு. உறையைத் தூக்கியெறிந்துவிட்டார் என்றால் கடிந்துகொள், அந்த அஞ்சல் முத்திரைக்காகத்தான் நாளை நீ தவிப்பாய்.

ஆணையில் காரணம் இருக்கிறதா என்று பார். "பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை" என்ற இரண்டு வாக்கியங்களோடு எத்தனையோ ஆணைகளை நானே வரைந்திருக்கிறேன். வழக்கு வந்ததும், வழக்கு மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை எழுதும் பதிலான பத்திவாரிக் குறிப்புரை என்ற பெயரில், ஆணையில் இல்லாத காரணங்களை எல்லாம் தேடி எழுதுவோம். அரசு வழக்கறிஞர் அதை எதிர் உறுதிமொழிப் பத்திரமாக்குவார். மொகிந்தர் சிங் கில் வழக்கில், 1977 இறுதியில், நீதிபதி கிருஷ்ணய்யர், ஆணையில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே ஆணையை மதிப்பிட வேண்டும், பின்னர் பத்திரத்தில் சேர்க்கும் புதிய காரணங்களால் அல்ல என்று சொன்னார். எங்களை நன்றாக அறிந்தவர் சொன்னதுபோல் இருக்கும். கோட்டையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தக் குறிப்புரை அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு வாரம் எடுக்கும்.

"மனுவை எட்டு வாரத்தில் பரிசீலித்து ஆணையிடுக" என்று மட்டும் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழக்கம் ஒன்று உண்டு. அந்த உத்தரவு வந்தால் கோப்பில் "உடனடி" என்று சீட்டு ஒட்டிக் குறித்த நாளுக்குள் நிராகரித்துவிடுவார்கள். அதைக் கேட்கும் முன், குறிப்புக் கோப்பில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் குறிப்புக் கோப்பின் நகலைக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அமைச்சரவைத் தாள்கள் போன்ற விலக்குகள் உண்டு, அவற்றைக் காட்டி முழுக் கோப்பையும் மறுப்பவர்களும் உண்டு. முதல் மேல்முறையீட்டுக்குத் தயங்காதே.

முடிந்த கோப்பு எத்தனை ஆண்டு இருக்கும் என்பதையும் தெரிந்துகொள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று முடிக்கும்போதே வகை குறிப்பார்கள். உன் கட்சிக்காரர் ஐந்தாண்டு கழித்து வந்தால், மூன்றாண்டு வகையில் முடிக்கப்பட்ட கோப்பு எரிந்தே போயிருக்கலாம். அந்தக் காசிமேட்டுக் கோப்பு எந்த வகையில் முடிக்கப்பட்டது என்பது எனக்கு நினைவிருக்கிறது, மூன்றாண்டு.

நான் பயன்படுத்திய அலுவலக நடைமுறை நூல் ஒன்று பரணில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஓரங்கள் கரையான் அரித்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் வா. உன் அத்தை இட்லி வைத்திருப்பாள். உன் அம்மாவின் குடும்ப அட்டைத் திருத்த மனுவின் ஒப்புகைச் சீட்டையும் எடுத்து வா, அதில் எண் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா