வேலு முனுசாமி: பெயர்த் திருத்தம் கோரி ஆசிரியருக்கு ஒரு கடிதம்

சாட்ஸ்வொர்த்,
டர்பன், தென்னாப்பிரிக்கா.
19 நவம்பர் 2025

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
ஞாயிறு இணைப்பு,
சென்னை.

பொருள்: 16.11.2025 இதழில் வெளியான கட்டுரையில் பெயர்ப் பிழை. திருத்தம் வெளியிட வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த நாளை நினைவுகூர்ந்து, டர்பன் உள்ள நேட்டால் பகுதியில் தமிழ் கற்பித்த வாத்தியார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தது. தமிழ்நாட்டு நாளிதழ் ஒன்று எங்களை நினைத்து ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. எங்கள் தெருவில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் பக்கத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார்கள்.

அந்தக் கட்டுரையின் நடுநாயகமாக இருப்பவர் என் தாத்தா. அவர் பெயர் வேலு முனுசாமி. உங்கள் கட்டுரையில் அது 'வேலூ மூன்சாமி' என்று வந்திருக்கிறது. தலைப்பிலும், இரண்டாம் பத்தியிலும், படத்துக்குக் கீழே உள்ள வரியிலும் அப்படியே உள்ளது. இதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம் எழுதுகிறேன்.

பிழை எப்படி நேர்ந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. கட்டுரையை எழுதிய அம்மையாருக்கு விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பியவர் என் தம்பி. அவர் நன்றாகத் தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அனுப்பினார். இந்த நாட்டு ஆங்கிலப் பதிவுகளில் எங்கள் குடும்பப் பெயரின் முதல் உகரம் இரண்டு 'ஓ' எழுத்துகளாக இருக்கும். நடுவில் உள்ள உகரமோ விடுபட்டுப் போயிருக்கும். 'வேலு'வின் கடைசியிலும் அதே இரண்டு 'ஓ'. அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினால் 'வேலூ மூன்சாமி' என்றுதான் வரும்.

இந்த எழுத்துக்கூட்டல் எங்கள் முன்னோர் தேர்ந்துகொண்டது அன்று. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றைக் கப்பல் பதிவேட்டில் எழுதிய எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அடுத்த தலைமுறைக்கு, அப்படி எழுதப்பட்ட தகப்பனின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த என் கொள்ளுத்தாத்தா முனுசாமி என்ற ஒற்றைப் பெயர்க்காரர். அவருடைய பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் அடையாள அட்டையிலும் அந்தப் பெயர் எழுத்தர் எழுதிய கோலத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை மாற்ற எங்களால் முடியாது, மாற்ற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் தமிழில் எழுதும்போது அந்தக் குறையைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லையே. தமிழில் அந்தப் பெயர் ஒருநாளும் கெட்டதில்லை.

என் தாத்தாவைப் பொறுத்தவரை இது இன்னும் வலுவான உண்மை. டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்து, மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் எங்கள் குடும்பத்தோடு இருந்தவர் அவர். பகல் வேலை முடிந்து வந்து, திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அங்கிருந்த எங்கள் மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டபோது, புது வீட்டில் சாமான் அடுக்கி முடிக்கும் முன்பே மறுபடியும் வகுப்பைத் தொடங்கினார் என்று என் அம்மா சொல்வார். குறில் நெடில் மாறினால் அவர் விடமாட்டார். 'மணி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மாணி' என்று எழுதிய பிள்ளையை அந்தச் சொல்லைப் பத்து முறை எழுதவைப்பார். நானும் அப்படி எழுதியே தமிழ் கற்றேன். குறிலையும் நெடிலையும் காத்த ஒரு மனிதரின் பெயரிலேயே இரண்டு குறில்கள் நெடிலாகி, ஓர் எழுத்தும் விடுபட்டு அச்சேறியதைப் பார்த்து நான் மிகவும் வருந்தினேன்.

தில்லையாடி வள்ளியம்மை என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அவர் ஜொகானஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்த எங்கள் நாட்டுப் பெண். ஆங்கிலத்தில் அவர் பெயர் பலவிதமாக எழுதப்படுகிறது. அவற்றைப் பார்த்து 'வல்லியம்மா' என்று உங்கள் இதழ் அச்சிடுமா? அச்சிடாது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் புகழ்பெற்றவர் அல்லர், ஆகவே அவர் பெயரைத் தெரிந்துகொள்ள ஒருவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இனி தென்னாப்பிரிக்கத் தமிழர்களைப் பற்றி எழுதும்போது, "இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்படி உங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். நாயுடு, பிள்ளை, படையாச்சி ஆகிய பெயர்களும் இங்கே இதே ஆங்கிலக் கோலத்தில்தான் இருக்கின்றன.

அவசரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தாத்தா தொடங்கிய வகுப்பு இன்று ஒரு சிறு தமிழ்ப் பள்ளியாக நடக்கிறது. வரும் பொங்கலன்று அங்கே அவர் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்கிறார்கள். குழுவில் இருக்கும் இளைஞர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "சென்னைப் பத்திரிகையில் வந்திருக்கிறது, அதுதான் சரியாக இருக்கும்" என்று உங்கள் தலைப்பை அப்படியே கல் செதுக்குபவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்லி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் அச்சில் வந்ததற்கு எதிராக ஒரு கிழவியின் பேச்சு எத்தனை நாள் நிற்கும்? உங்கள் திருத்தம் அச்சில் வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

எனவே தங்களிடம் மூன்று உதவிகளை வேண்டுகிறேன். அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பில் தலைப்பையும் உள்ளே உள்ள வரிகளையும் மாற்றி, மாற்றியதை அடியில் குறிப்பிடுங்கள். படவரியை மறந்துவிடாதீர்கள், படத்தை மட்டும் எடுத்துப் பகிர்பவர்களே அதிகம். திருத்தத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

"16.11.2025 ஞாயிறு இணைப்பில், டர்பன் தமிழ் ஆசிரியர் பற்றிய கட்டுரையில் அவர் பெயர் பிழையாக அச்சாகிவிட்டது. அவருடைய சரியான பெயர் வேலு முனுசாமி. பிழைக்கு வருந்துகிறோம்."

'வேலூ மூன்சாமி' என்ற பிழையான வடிவத்தைத் திருத்தத்தில் மறுபடியும் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சான்றாக இரண்டு படிகளை இணைத்திருக்கிறேன். ஒன்று, தாத்தா தம் கையால் எழுதிய வகுப்பு வருகைப் பதிவேட்டின் முதல் பக்கம், அதில் 'வே. முனுசாமி' என்று தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். மற்றொன்று, என் பெற்றோரின் திருமண அழைப்பிதழ். அதில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் தமிழில் முழுதாக உள்ளது. வேறு ஏதேனும் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

கட்டுரையின் மற்ற விவரங்களில் குறையொன்றும் இல்லை என்பதையும், அதை எழுதிய அம்மையார் மிகுந்த அன்போடு எழுதியிருக்கிறார் என்பதையும் அவரிடம் தெரிவியுங்கள். அவர் டர்பன் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

கல் செதுக்குபவர் டிசம்பர் நடுவில் விடுமுறைக்குப் போய்விடுவார். அதற்கு முன் திருத்தம் வெளியானால், அந்த இதழையே அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
லோகநாயகி முனுசாமி
(ஓய்வு பெற்ற ஆசிரியை)

இணைப்பு: வருகைப் பதிவேட்டுப் பக்கத்தின் படி, திருமண அழைப்பிதழின் படி