பில் எண் 2025-26/17: வயல்வெளிக் கையேடு, பக்க வடிவமைப்பு

நாள்: 24 நவம்பர் 2025
அனுப்புபவர்: செ. மலர்விழி, புத்தக வடிவமைப்பு, மதுரை
பெறுபவர்: கணக்குப் பிரிவு, மருதவயல் வெளியீட்டகம், திருச்சி
வேலை: 112 பக்கக் கையேடு, உள்பக்கங்கள் மட்டும் (அட்டை இதில் சேராது)
பணம் சேர வேண்டிய நாள்: 9 டிசம்பர் 2025 (ஒப்பந்தப்படி 15 நாள்)

அ. அடிப்படை வேலை, மணிக்கு ₹900

| வேலை | மணி | தொகை ₹ |
|---|---|---|
| பக்க அமைப்பு, மாதிரிப் பக்கங்கள் | 10 | 9,000 |
| பாமினியிலிருந்து யூனிகோடு மாற்றம், சரிபார்ப்பு | 8 | 7,200 |
| 112 பக்கங்களை அமைத்தல் | 34 | 30,600 |
| விளக்கப் படங்களை மறுவரைவு செய்தல் | 6.5 | 5,850 |
| அச்சுக்கான பிடிஎஃப் | 5.5 | 4,950 |
| கூட்டல் | 64 | 57,600 |

யூனிகோடு மாற்றத்துக்கு 8 மணி ஏன் என்று கேள்வி வரலாம். மாற்றியில் போட்டு எடுத்ததும் வேலை முடிவதில்லை. ‘கௌ’ வரவேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் தனித்தனியாக வந்து விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, சொல்லடைவிலும் இடம் மாறிவிடும். கோப்பு முழுவதையும் தேடித் திருத்திய நேரமும் இதில் அடங்கும்.

ஆ. கூடுதல் திருத்தம், மணிக்கு ₹1,000

| சுற்று | மணி | தொகை ₹ |
|---|---|---|
| 1, 2 (ஒப்பந்தத்தில் அடங்கியவை) | – | 0 |
| 3: 29 அக்டோபர் | 5.25 | 5,250 |
| 4: 12 நவம்பர் | 4.25 | 4,250 |
| கூட்டல் | 9.5 | 9,500 |

மூன்றாம் சுற்றில், பக்கங்களுக்கு ஒப்புதல் தந்த பிறகு ஐந்தாம் இயல் மூன்றாம் இயலுக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. பொருளடக்கம், பக்க எண்கள், ‘பக்கம் பார்க்க’ குறிப்புகள், சொல்லடைவு நான்கையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. நான்காம் சுற்றில் உர அளவு அட்டவணைகள் ஏக்கர் கணக்கிலிருந்து ஹெக்டேர் கணக்குக்கு மாறின. எண்கள் நீளமானதால் பத்திகளின் அகலத்தையும் மாற்ற நேர்ந்தது. இரு சுற்றுகளையும் தொடங்கும் முன் மணிக்கணக்கை மின்னஞ்சலில் தெரிவித்து ஆசிரியர் குழுவின் சம்மதம் பெற்றிருக்கிறேன். அந்த மின்னஞ்சல்களும் நேரப் பதிவும் இத்துடன் இணைப்பில் உள்ளன. மூன்றாம் சுற்றில் என் கவனக்குறைவால் விடுபட்ட படக் குறிப்புகளைச் சரிசெய்த 1.5 மணி நேரம் பில்லில் சேர்க்கப்படவில்லை.

இ. மொத்தமும் நிலுவையும்

| விவரம் | ₹ |
|---|---|
| மொத்தக் கட்டணம் (அ + ஆ) | 67,100 |
| கழிக்க: முன்பணம், 8 செப்டம்பர் 2025 (டிடிஎஸ் பிடிக்கும் முன்) | 20,000 |
| மீதி | 47,100 |
| கழிக்க: மீதிக்கு டிடிஎஸ், 10% | 4,710 |
| வங்கியில் செலுத்த வேண்டியது | 42,390 |

எழுத்தில்: நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் மட்டும்.

முன்பணத்தில் என் கணக்குக்கு வந்தது ₹18,000. ₹2,000 அப்போதே டிடிஎஸ்ஸாகப் பிடிக்கப்பட்டது. ஆகவே கழிக்க வேண்டியது ₹20,000தான். ₹18,000 என்று கழித்தால் மீதி ₹49,100 ஆகி, எனக்கு ₹1,800 கூடுதலாக வந்துவிடும். மாறாக, ₹67,100 முழுவதற்கும் மறுபடி 10% பிடித்தால் முன்பணத்துக்கு இரண்டு முறை வரி பிடித்ததாகி ₹2,000 குறையும். சரிபார்க்க எளிய வழி: 18,000 + 42,390 = 60,390. இதோடு மொத்த டிடிஎஸ் 6,710ஐக் கூட்டினால் 67,100 வர வேண்டும்.

டிடிஎஸ்ஸை முன்பணத்துக்குப் பிடித்த அதே 194ஜே பிரிவிலேயே காட்டுங்கள். என் பான் எண் ஒப்பந்தத்தில் உள்ளது. பான் பதிவில் தவறினால் 20% பிடிக்க நேரும் என்பதால், கணக்கில் ஏற்றும்போது ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணத்துக்கான ₹2,000 என் 26ஏஎஸ்ஸில் பதிவாகிவிட்டது, ஆனால் ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கான படிவம் 16ஏ வந்து சேரவில்லை. அதற்கான கடைசி நாள் 15 நவம்பர். இந்தப் பணத்தோடு அதையும் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது பிடிக்கும் ₹4,710 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் வரும். அதன் 16ஏ 15 பிப்ரவரி 2026க்குள் தேவை.

ஜிஎஸ்டி: என் ஆண்டு வரவு ₹20 லட்சத்துக்குக் கீழ், நான் பதிவு பெறவில்லை. எனவே இந்த பில்லில் ஜிஎஸ்டி கிடையாது.

முன்பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு, குறிப்பில் ‘2025-26/17’ என்று போட்டு அனுப்புங்கள். தொகை சேர்ந்த மறுநாள், ஒப்பந்தத்தில் சொன்னபடி மூலக் கோப்புகளும் படங்களும் உங்களுக்கு வந்துவிடும். பில்லில் மாற்றம் ஏதும் வேண்டுமானால் 28 நவம்பருக்குள் தெரிவியுங்கள்.

செ. மலர்விழி