மருத்துவமனையில் இருக்கும் கணவருக்காக ஆலை நிர்வாகத்துக்கு மனைவி எழுதிய கடிதம்

அனுப்புநர்:
மு. செல்வராணி,
க/பெ. இரா. முருகேசன் (உலைப் பிரிவு, டோக்கன் எண் 214),
கோழிப்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
இரும்பு உருக்காலை, தொழிற்பேட்டை,
கஞ்சிக்கோடு, பாலக்காடு மாவட்டம்.

இடம்: முளங்குன்னத்துகாவு, திருச்சூர்
நாள்: 18.06.2024

பொருள்: உலைப் பிரிவுத் தொழிலாளி இரா. முருகேசன் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்துக்குள்ளானது – வருகைப் பதிவைத் திருத்துதல், இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்புதல், விடுப்பு வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் ஆலையின் உலைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்துவரும் முருகேசனின் மனைவி நான். கடந்த 10.06.2024 திங்கட்கிழமை காலை அவர் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் சாலை விபத்தில் அடிபட்டு, இப்போது திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கிறார். வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்து, 12ஆம் தேதி அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். கீழ்த்தாடையும் முறிந்ததால் 14ஆம் தேதி மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தலையில் லேசான ரத்தக்கசிவு இருந்தது. அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை என்றாலும் 15ஆம் தேதி வரை அவருக்கு நினைவு முழுதாகத் திரும்பவில்லை. இன்றைய நிலையில் அவரால் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. அதனால்தான் அவர் எழுதவேண்டிய இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

என் கோரிக்கைகளுக்கு முன்பாக, அவர் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று முன்தினம் நினைவு தெளிந்ததிலிருந்து அவர் இடது கை விரலால் படுக்கை விரிப்பின் மேல் மூன்று என்ற எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினார். பிறகு கையைக் கிண்ணம் போலக் குவித்து, அதன் உட்புறத்தை என் விரலால் தடவச் செய்தார். மூன்று வேளை மருந்தைக் கேட்கிறாரோ, மூன்று பேருக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறாரோ என்று நான் ஏதேதோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடி இல்லை என்றார். நேற்று மாலை அவரைப் பார்க்க வந்த சக தொழிலாளி ஒருவர்தான் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, "மூணாம் நம்பர் லேடிலா? உள்ளே லைனிங்கில் வெடிப்பா?" என்று கேட்டார். என் கணவர் உடனே என் கையை அழுத்திப் பிடித்தார். 9ஆம் தேதி இரவு ஷிப்டில் மூன்றாம் எண் லேடிலின் உள்பூச்சில், ஊற்றும் வாய்க்குக் கீழே, விரல் நீள வெடிப்பு ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். காலையில் மாற்று ஷிப்டுக்கு வந்தவரிடம் வாயால் சொல்லியிருக்கிறார், பதிவேட்டில் எழுதவில்லை. அந்தச் சக தொழிலாளி நேற்றிரவே ஷிப்ட் பொறியாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டார். இந்த எட்டு நாட்களுக்குள் யாராவது கவனித்துச் சரிசெய்திருக்கவும் கூடும். இருந்தாலும் உருகிய இரும்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், அந்த லேடிலை நிறுத்திப் பார்த்தார்களா என்பதைத் தயவுசெய்து உறுதிசெய்யுங்கள். பார்த்தாயிற்று என்று ஒரு வார்த்தை வந்தால் அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இனி விபத்து பற்றி. 9ஆம் தேதி இரவு பத்து மணி ஷிப்டுக்குப் போன அவர், மறுநாள் காலை 6.08க்குப் பஞ்ச் செய்து வெளியே வந்திருக்கிறார் என்று டைம் ஆபீஸில் சொன்னார்கள். கஞ்சிக்கோட்டிலிருந்து மேனோன்பாறை வழியாகக் கோழிப்பாறைக்கு வருவதுதான் அவருடைய அன்றாடப் பாதை. அன்று நல்ல மழை. மேனோன்பாறையை அடைவதற்கு முன்னால் ஒரு வளைவில், எதிரே வந்த டிப்பர் லாரிக்கு ஒதுங்கியபோது மொபெட் சறுக்கிச் சாலையோர ஓடையின் கல்கட்டில் மோதியிருக்கிறது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன ஒருவர் பார்த்துத் தூக்கி உட்காரவைத்து, அவருடைய கைபேசியிலிருந்தே 6.40க்கு எனக்குப் பேசினார். ஆம்புலன்ஸில் முதலில் பாலக்காடு மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அன்று பிற்பகலே திருச்சூருக்கு அனுப்பினார்கள்.

அன்று காலை 8.45 மணிக்கு, மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் நின்றபடியே, டைம் ஆபீஸுக்குப் பேசி விபத்தைத் தெரிவித்தேன். பேசியவர் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் 11ஆம் தேதி முதல் அவருடைய பெயருக்கு எதிரே "தகவலின்றி ஆப்சென்ட்" என்று பதிவாகியிருப்பதாக நேற்று அறிந்தேன். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. பதினான்கு ஆண்டுகளில் தகவல் சொல்லாமல் ஒரு நாளும் அவர் நின்றதில்லை. எங்கள் மகள் பிறந்த அன்றுகூடப் பக்கத்துக் கடையிலிருந்து பேசிச் சொல்லிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்தார். என் அழைப்பு என் கைபேசிப் பதிவில் நேரத்தோடு இருக்கிறது, அதன் நகலை இணைத்திருக்கிறேன். அந்த ஆப்சென்ட் பதிவை நீக்கி, மருத்துவக் காரணத்தால் வரவில்லை என்று திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது இ.எஸ்.ஐ. பற்றியது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடிதத்தின் முக்கியமான கோரிக்கை இதுதான். 13ஆம் தேதி நான் மறுபடி பேசியபோது, கேட்டுக்கு வெளியே நடந்த விபத்துக்கு ஆலை அறிக்கை அனுப்பத் தேவையில்லை என்று டைம் ஆபீஸில் சொன்னார்கள். சொன்னவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, அவர் அறிந்ததை அவர் சொன்னார். ஆனால் கோயம்புத்தூரில் கணக்கராக வேலை பார்க்கும் என் தம்பி சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்டினான். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்மூலம் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ விபத்து நேர்ந்து, அதன் சூழ்நிலைக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பு இருப்பது நிறுவப்பட்டால், அது வேலையின்போது நேர்ந்த காயமாகவே கருதப்படும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அவர் பஞ்ச் செய்தது 6.08, எனக்குத் தகவல் வந்தது 6.40, விழுந்த இடம் ஆலைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நேர்வழி. இந்த மூன்றும் சேர்ந்தால் தொடர்பு தெளிவாகவே இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆகவே விபத்து அறிக்கைப் படிவத்தை (படிவம் 12) நிரப்பி, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இனியும் தாமதமில்லாமல் அனுப்புமாறும், 10ஆம் தேதிக் காலைப் பஞ்ச் பதிவின் நகலை அத்துடன் இணைக்குமாறும் வேண்டுகிறேன். தாமதத்துக்கான காரணத்தை எழுதவேண்டியிருந்தால், நான் எழுத்தில் தெரிவித்தது இன்றுதான் என்றே குறிப்பிடலாம்; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த அறிக்கை இல்லாவிட்டால் இது வெறும் நோய் விடுப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டு, சராசரித் தினக்கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரைதான் கிடைக்கும். வேலைக் காயம் என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம், அவர் வேலைக்குத் திரும்பத் தகுதி பெறும் வரை கிடைக்கும். 18,600 ரூபாய்ச் சம்பளத்தில் மாதந்தோறும் 140 ரூபாய் இதற்காகத்தான் பிடித்தம் செய்யப்பட்டு வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டில், மாதக்கணக்கில் அந்த வித்தியாசம் எங்களுக்குப் பெரியது.

விடுப்பைப் பொறுத்தவரை, கை எலும்பு கூடிப் பயிற்சி முடிய குறைந்தது மூன்று மாதமாகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தாடைக் கம்பியைப் பிரிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகுமாம், அதுவரை கஞ்சித் தண்ணீரும் பாலும்தான். எனவே 10.06.2024 இரவு ஷிப்ட் முதல் 10.09.2024 வரை விடுப்பு வழங்கக் கோருகிறேன். இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. அவர் கணக்கில் மீதமிருக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்பை, உதவும் எண்ணத்தில்கூட, இந்த நாட்களுக்கு இப்போதே வரவு வைத்துவிட வேண்டாம். சம்பளத்துடன் விடுப்பில் இருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகை கிடைக்காது என்பதால், அவர்களுடைய முடிவு வந்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தில் அவர் வேலை செய்த நாட்களின் சம்பளத்தை வழக்கமான வங்கிக் கணக்கிலேயே செலுத்தினால் போதும்; எங்கள் பெயரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம். ஓணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் இன்னும் 2,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதை அவர் வேலைக்குத் திரும்பிய பின் பிடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன். அவருடைய கால்சட்டைப் பையில் இருந்த உலைப் பிரிவுப் பொருள் அறையின் சாவியைக் காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதி, நேற்று வந்த சக தொழிலாளியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும்.

நான் கோழிப்பாறையில் தமிழ் வழியில் படித்தவள். மலையாளம் பேசுவேன், பிழையில்லாமல் எழுத வராது. கையெழுத்துக்காக அனுப்பும் படிவங்கள் மலையாளத்தில் இருந்தாலும் என் மகள் படித்துச் சொல்லிவிடுவாள். ஆனால் அவர் சார்பில் நான் கையெழுத்திடவேண்டிய இடங்களை மட்டும் பென்சிலால் குறித்து அனுப்பினால் தவறு நேராது. என் கைபேசி எண் டைம் ஆபீஸில் அவருடைய அவசரத் தொடர்புப் பதிவில் இருக்கிறது. மருத்துவர் வலம் வரும் நேரம் தவிர எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

இந்தக் கடிதம் முழுவதையும் இன்று காலை அவருடைய படுக்கை அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்டினேன். ஊற்றும் வாய்க்குப் பக்கத்தில் வெடிப்பு என்று நான் முதலில் எழுதியிருந்ததை, விரலைக் கீழே இறக்கிக் காட்டி, அதற்குக் கீழே என்று அவர்தான் திருத்தவைத்தார். மற்றவற்றுக்குச் சம்மதம் தெரிவித்து, வார்டு செவிலியர் முன்னிலையில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். மருத்துவமனையில் அளித்த சிகிச்சைச் சான்று, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை நகல், என் கைபேசி அழைப்புப் பதிவின் நகல், அவருடைய இ.எஸ்.ஐ. அட்டை நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புதலை இதைக் கொண்டுவரும் என் தம்பியிடம் எழுத்தில் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராணி

இரா. முருகேசன், டோக்கன் எண் 214 – இடது கைப் பெருவிரல் ரேகை
(வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து வைத்தது)