"என்னத்தா சொல்லிட்டுப் போறாரு டாக்டரு?" – நர்சிங் ஸ்கூல் பட்டமளிப்பில் வகுப்புப் பிரதிநிதியின் பிரிவுரை

எல்லோருக்கும் வணக்கம். முதல்வர் மேடம், எங்கள் டியூட்டர்கள், வார்டுகளில் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த சிஸ்டர்கள், ஜூனியர் தங்கச்சிகள், முக்கியமாக வேலையை விட்டுவிட்டு இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிற எங்கள் அம்மா அப்பாக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பெற்றோர்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த வகுப்பில் பாதிப் பேர் கடலை நம்பிய வீட்டுப் பிள்ளைகள், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று கரையோரமாகவே வரிசையாக வந்தவர்கள். மிச்சப் பேர் வீட்டில் பனையேறுவார்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் முண்டு மிளகாய் போட்டுவிட்டு மழைக்காக வானத்தைப் பார்ப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகு வீட்டில் வருமானம் கிடையாது, ஆனால் அடுத்த வருடத்துப் பீஸும் யூனிபார்ம் துணியும் அதை ஒட்டித்தான் வந்து நிற்கும். அந்தப் பணத்தை எப்படிப் புரட்டினீர்கள் என்று எங்களிடம் நீங்கள் சொன்னதில்லை. அம்மாவின் கழுத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். இன்றைக்கு நாங்கள் வாங்குகிற சான்றிதழில் உங்கள் பேரும் இருக்கிறது.

சரி, இப்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் வருடம் பெண்கள் வார்டில் போஸ்டிங் இருந்தபோது, பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற ஒரு பாட்டி காலில் புண்ணோடு படுத்திருந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பார்த்தார், கேஸ் ஷீட்டில் எழுதினார், கூட இருந்தவர்களிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு வார்டு நிரம்பி வழிந்தது. டாக்டர் நகர்ந்ததும் பாட்டி நம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்து, "என்னத்தா சொல்லிட்டுப் போறாரு டாக்டரு?" என்று கேட்டார்.

அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, அதனால்தான் பாறை கிழித்தது கூடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பாதத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதையும் சொன்னாள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணிக்குள்ள நிக்கிறதுதான்த்தா எனக்குப் பொழப்பு" என்றார். அத்தோடு அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எத்தனை மணிக்குக் கடலில் இறங்குவீர்கள், காலில் என்ன போடுவீர்கள், கரைக்கு வந்ததும் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். விரலுக்குத் துணி சுற்றுவாராம், காலுக்குப் பழைய செருப்புதானாம். அப்புறம் டியூட்டி சிஸ்டரைக் கூட்டிவந்து, மூன்று பேருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புண் முழுதாக ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது. அதற்கப்புறம் போனால் கால் முழுக்க மூடுகிற செருப்பு, கரையேறியதும் ஒரு செம்பு நல்ல தண்ணீர், விரல் இடுக்கு வரைக்கும் துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு, ராத்திரி படுக்கும் முன் பேத்தி உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டி அதைத் திருப்பி ஒரு தடவை ஒப்பித்தார், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்தப் பேத்தியையே கூட்டிவந்து காட்டினார்.

மூன்று வருடத்தில் நான் பார்த்த நர்சிங்கில் இதுதான் எனக்கு உசத்தி. ஊசி போட, கேனுலா போட, பிபி பார்க்க எல்லோருமே கற்றுக்கொண்டோம், இன்னும் கை பழகும். ஆனால் டாக்டர் போன பிறகு நம் கையைப் பிடித்துக் கேட்கிற கேள்விக்கு, அந்த ஆளின் வீட்டையும் பிழைப்பையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நம் வேலை. நேரமில்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். நமக்கே தெரியவில்லை என்றால், கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்ன மாதிரி திரும்பி வாருங்கள்.

இந்தக் கரைக்கு என்றே சில கேஸ்கள் உண்டு. திருக்கை முள் குத்தி வருகிறவர்களுக்குக் கையையோ காலையோ சூடான தண்ணீரில் வைப்போம், சூட்டில் அந்த வலி குறையும். கேஷுவாலிட்டியில் ஒரு சிஸ்டர் அந்தத் தண்ணீரில் முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஆளின் கையை வைக்க விடுவார், ஏன் என்று கேட்டதற்கு, வலியில் துடிக்கிறவனுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும் என்றார். அதற்கு அவருக்கு ஆனது ஐந்து விநாடி. நீங்கள் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த ஐந்து விநாடியைக் கூடவே கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனசு வராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகை விடுதியில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். நம்மில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் இது நம் மாவட்டத்தில் நடந்தது, சைக்யாட்ரி வகுப்பில் மேடம் இதைச் சொன்ன அன்று சாயங்காலம் மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனநல வார்டில் ஒருவர் கத்தினால், கட்டிப்போடச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் போய்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பசியா, பயமா, மாத்திரை நேரம் தவறிவிட்டதா என்று பாருங்கள்.

சென்னை, மதுரை என்று போகிறவர்கள் தைரியமாகப் போங்கள். வளைகுடா நாடுகளுக்குப் பரீட்சை எழுதுகிறவர்களும் அப்படியே, வீட்டுக் கடன் யாருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஊரை விட்டுப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முதலில் கவுன்சில் பதிவை முடித்துவிடுங்கள், அது இல்லாமல் எங்கேயும் சேராதீர்கள். சம்பளம் எவ்வளவு, நைட் டியூட்டி எத்தனை, லீவு எப்படி என்று வாய் திறந்து கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். யாருக்காவது எங்காவது கஷ்டம் என்றால் நம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், பகலானாலும் ராத்திரியானாலும் நான் எடுப்பேன்.

டியூட்டர் மேடங்களே, பெட் மேக்கிங்கில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்து மறுபடி போட வைத்தீர்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரின் முதுகுப் புண்ணைப் பார்த்த அன்றைக்குத்தான் அந்தச் சுருக்கத்துக்கு ஏன் அவ்வளவு திட்டினீர்கள் என்று புரிந்தது. நன்றி மேடம். நைட் டியூட்டி முடிந்து வந்தால் சோற்றைச் சூடாக எடுத்து வைத்திருந்த மெஸ் அக்காவுக்கும், கேட்டில் எங்கள் தலையை எண்ணிய வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி. தங்கச்சிகளே, பிராக்டிகல் ரெக்கார்டை அன்றன்றைக்கே எழுதி விடுங்கள், ஸ்கில் லேப் பொம்மையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்புப் பிரதிநிதியாக என் கடைசி அறிவிப்பு. லைப்ரரி புத்தகமும் ஹாஸ்டல் அறைச் சாவியும் ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் அம்மா அப்பாவைச் சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்புங்கள், பந்தி பின்பக்க ஹாலில். நன்றி, வணக்கம்.