அப்புறம் சொல்கிறேன்

முதல்வர் அம்மா அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், என்னுடன் இன்று பட்டம் வாங்கும் நண்பர்களுக்கும், வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது என் குரல் இல்லை. மைக் முன்னால் நிற்கும் அண்ணன் என் கைகளைப் பார்த்துத் தமிழில் சொல்கிறார். அதனால் இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கட்டைக் குரலா என்று யாரும் பயப்பட வேண்டாம். விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து கிளம்பிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறார். தன்னைப் பற்றிய நன்றியை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவார். அண்ணா, அதையும் சொல்லுங்கள்.

கைதட்ட விரும்பினால் இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரல்களை அசையுங்கள். எங்கள் கைதட்டல் அப்படித்தான். நீங்கள் ஓங்கித் தட்டினால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது.

என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாக உதடுகளில் பார்த்த வாக்கியம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அத்தையின் தோளைத் தட்டி என்ன என்று கேட்பேன். "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த அப்புறம் வருவதே இல்லை. இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தபோதும் மூன்று ஆண்டுகளுக்கு அந்த வாக்கியத்தைப் பார்க்கத் தயாராகத்தான் வந்தேன்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வேன் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். முதலாம் ஆண்டில் துறை விழா அன்று செயலாளர் என்னிடம் ஓடி வந்து, "மாலை வாங்கி வா" என்றார். நான் இரண்டு லிட்டர் பாலை வாங்கி வந்தேன். சிறப்பு விருந்தினருக்கு மாலை இல்லை. அன்று மாலை துறையில் எல்லோருக்கும் பாயசம் கிடைத்தது. அந்தச் செயலாளர் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் உலகத்தில் ஒருவரை நெருக்கமாக ஏற்றுக்கொண்டால் அவருக்கு ஒரு சைகைப் பெயர் வைப்போம். உங்களில் பலருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இதுவரை எல்லோரிடமும் சொல்லவில்லை.

அடக்க விலைக் கணக்கியல் ஆசிரியர் ஐயா, உங்கள் பெயர் இது. ஒரு கை பலகை, இன்னொரு கை அதிலிருந்து சட்டென்று திரும்புகிறது. முதல் வாரம் நீங்கள் பலகையைப் பார்த்தபடியே பேசினீர்கள். உங்கள் பின்னந்தலையை நான் நன்றாகப் படித்தேன், பாடம் புரியவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து எழுதுவீர்கள், திரும்புவீர்கள், நான் தாளிலிருந்து தலையைத் தூக்கும் வரை நிற்பீர்கள், அப்புறம் பேசுவீர்கள். அந்தச் சில நொடிகளில் மற்றவர்களும் நிதானமாக எழுதிக்கொண்டார்கள் என்று பின்னால் சொன்னார்கள். மீசையை ஒழுங்காக வெட்டிக்கொண்டதற்கும் நன்றி ஐயா. மேலுதடு தெரிய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மதிப்பெண் ஏறியது.

ஆங்கில ஆசிரியை அம்மா, உங்கள் பெயர் இஞ்சி டீ. பள்ளியில் எங்களுக்கு ஒரு மொழிப் பாடம் போதும் என்று விலக்கு உண்டு. அது பெரிய உதவி. ஆனால் கல்லூரியில் கணக்குப் புத்தகம் முழுக்க ஆங்கிலமாக இருந்தபோது அந்த விலக்கின் விலை தெரிந்தது. மாலை நாலரை மணிக்கு மேல் பிளாஸ்க்கும் அகராதியுமாக என்னோடு உட்கார்ந்தீர்கள். சம்பளத்தில் அதற்குக் கணக்கு இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் பெயர், சிறு விரலால் எழுதுவது போல. எறும்பு ஊர்வது போன்ற கையெழுத்து. வருகைப் பதிவில் என் எண் வரும்போது பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டுவாள். அதிர்வு கைக்கு வந்ததும் எழுந்து நிற்பேன். அவள் எனக்காக எடுத்த குறிப்புகளை எல்லோரும் பாராட்டுகிறீர்கள். அவற்றின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. "சார் இப்போது ஒரு ஜோக் சொன்னார். நன்றாக இல்லை. இருந்தாலும் சிரித்துவிடு." "கடைசி பெஞ்சில் ஒருவன் குறட்டை விடுகிறான்." "வெளியே மழை, சத்தம் பலமாக இருக்கிறது." தேர்வுக்குத் தேவைப்படாத இந்த வரிகளுக்காகத்தான் அந்த நோட்டுகளை எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன். இவள் ஒரு நாளும் அப்புறம் என்று சொல்லவில்லை. அப்போதே சொன்னாள்.

வகுப்பில் பலர் சைகை கற்றுக்கொண்டது என் மீதுள்ள அன்பால் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடம் நடக்கும்போது சத்தமில்லாமல் அரட்டை அடிக்கலாம் என்பதுதான் காரணம். நம் சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும், "உன் பெயர் என்ன" என்பது போலவே; அதனால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்துகளை விரல்களால் காட்டப் பெரும்பாலும் இரண்டு கைகளும் வேண்டும். கேன்டீனில் ஒரு கையில் வடையோடு நிற்பவன் பாதி வார்த்தையில் தவிப்பதைப் பார்க்க வேண்டுமே!

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நான் குழந்தையாக இருந்தபோது, சைகை காட்டினால் பேச்சு வராது என்று அவரிடம் சொன்னார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த எண்ணம் பழையது. 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. 2010-இல் வான்கூவரில் நடந்த மாநாடுதான் அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவித்தது. அம்மா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அடுப்படியிலேயே சைகை கற்றுக்கொண்டார். இன்றும் அவர் சைகையில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்.

முதல்வர் அம்மா, நன்றியோடு ஒரு கோரிக்கையும் உண்டு. மேடைக்கு இன்று மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார். வகுப்பறைக்கு மூன்று ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணும் நாள்களே வந்தார். என் தோழி நல்லவளாக இருந்ததால் நான் தேர்ச்சி பெற்றேன். முதலாம் ஆண்டில் இப்போது என்னைப் போல ஒரு தம்பி படிக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்வார்கள் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். அதில் சைகை மொழியும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் என்றாலும் தொடங்குங்கள்.

கடைசியாக, கடைசி பெஞ்ச் நண்பர்களுக்கு. முதலாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள், கேன்டீன் அண்ணாச்சி உட்பட எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் கேட்டேன். உங்களில் ஒருவன், பெயர் சொல்லவில்லை, "அப்புறம் சொல்கிறேன்" என்றான். நான் மறக்கவில்லை. விழா முடிந்ததும் வேப்பமரத்தடியில் நிற்பேன். இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொண்டு வா.